இடைவெளிக்கு வைத்த முகம்

கற்பிட்டியில் பிரியதர்சினி நடத்தும் வீடியோக் கடைக்கு ஒரே ஒரு கமெராதான். ஒரே அறையின் முன்பக்கத்தில் நான் போட்டோக் கொப்பி அடிக்கிறேன். பின்பக்கத்தில் அவள் ஊராரின் கலியாணங்களையும் செத்தவீடுகளையும் வெட்டி ஒட்டுகிறாள். சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவள். ஊரில் பாதிப் பேரை அவளுக்குக் கமெராவுக்குள்ளால்தான் தெரியும். வேலையில் பொல்லாத பிடிவாதக்காரி. படம் ஓரிடத்தில் துள்ளினாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு கமெரா இரண்டு இடத்தில் நிற்காது. அதற்காக அவள் கணினியில் ஒரு சேமிப்பு வைத்திருந்தாள். கடல், கோயில் மணி, செபமாலை உருட்டும் கை, குனிந்த தலைகள் என்று போகிற இடமெல்லாம் சும்மா எடுத்து வைத்த துண்டுகள். படம் இல்லாத இடத்தில் அதில் ஒன்றைச் செருகி, கீழே அன்றைய சத்தத்தை ஓடவிட்டால் ஒருவருக்கும் ஓட்டை தெரியாது.

யாக்கோபு செத்தபோது அவருடைய மகன் அன்ரன் இத்தாலியில் இருந்தான். விசாக் கடதாசி சரிவரவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. தாய் அனஸ்தாசியா கடைக்கு வந்து, பிரியதர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பிள்ளை, அவன் இதிலதான் தேப்பன வழியனுப்போணும். ஒண்டும் விடாம எடம்மா."

பிரியதர்சினி ஒன்றும் விடவில்லை, ஒன்றைத் தவிர. சவப்பெட்டி சேமக்காலைக்கு, புதைக்கிற இடத்துக்கு, வருமுன் அவள் அங்கே போய்க் குழியடியில் கமெராவை நிறுத்த வேண்டும். அதனால் கோயிலின் கடைசிச் செபங்களுக்கு ஒலிபெருக்கிக்குக் கீழே ஒரு ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் வைத்துவிட்டு ஓடினாள். சத்தம் முழுதாக இருந்தது. படம் இல்லை.

முதலில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த கோயில் துண்டொன்றை வைத்துப் பார்த்தாள். யன்னலெல்லாம் வண்ணக் கண்ணாடி.

"எங்கட கோயில் யன்னலுக்குக் கம்பிதான். ஊர் சிரிக்கும்," என்றேன். முறைத்தாள், ஆனால் எடுத்துவிட்டாள்.

பிறகு தன் சேமிப்புக்குள் தேடினாள். திருவிழாக் கூட்டம் சரிவராது, எல்லாம் கலர் உடுப்பு. இரண்டு வருசத்துக்கு முந்திய, செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள் பூசை அகப்பட்டது. எல்லாரும் வெள்ளை. கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து தலை குனிந்து வாய் அசைக்கும் ஆண்கள், கிட்டத்தில் எடுத்தது. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. வீடியோ அன்றே இத்தாலிக்குப் போனது.

அடுத்த நாள் அன்ரன் அழைத்தான். பிரியதர்சினி போனைச் சத்தமாக வைத்தாள்; நானும் காதைக் கொடுத்தேன்.

"அக்கா, என்ர அப்பா தன்ர செத்தவீட்டில தானே நிண்டு செபம் சொல்லுறார். பகிடியோ உங்களுக்கு?"

அவள் படத்தை ஓடவிட்டாள். வாங்கின் நடுவில், தாடியும் சதையுமாக யாக்கோபு. அவள் அவரைப் பார்த்ததெல்லாம் நோயில் வற்றி, தாடி மழித்து, பெட்டிக்குள் கிடந்த முகம்தான். ஊர் ஆளான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் யன்னலைப் பார்த்த அளவுக்கு முகங்களைப் பார்க்கவில்லை.

"தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்த இடத்தில படம் இல்லை. பழைய பூசையில எடுத்ததப் போட்டன், ஆரெண்டு தெரியாமப் போச்சு. இப்பவே வெட்டிப்போட்டு மெழுகுதிரிய வைக்கிறன்."

அன்ரன் வேறொன்றைக் கேட்டான்.

"அப்ப அந்தச் சத்தம் அப்பாவின்ர இல்லையோ?"

"இல்லைத் தம்பி. அது செத்தவீட்டுச் சத்தம். அப்பாவ எடுத்த அண்டைக்கு உள்ள சத்தம் வேற."

"அது இருக்கோ?"

இருந்தது. அவள் மூலத் துண்டைத் திறந்தாள். போனைக் கணினியின் ஒலிபெருக்கிக்குக் கிட்டப் பிடித்தாள். தூரத்தில் பூசை வைக்கும் சுவாமியின் பிரசங்கம், கிட்டத்தில் ஒரு இருமல். யாக்கோபு குனிந்த தலை குனிந்தபடி பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது.

"சுவாமி இப்ப முடிக்கமாட்டார் போல. மகன் இத்தாலியில இருந்து போன் எடுப்பான். நான் மெல்லமா வெளிக்கிடப் போறன்."

பிரியதர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுமுனையில் அன்ரன் மூக்கை உறிஞ்சினான்.

"அண்டைக்கு நான் போன் எடுத்தனான் அக்கா. மூச்சு வாங்க ஓடி வந்து கதைச்சவர். பூசை முழுக்கக் கண்டியளோ எண்டு கேட்டன்," என்றான் அவன். "ஓமெண்டவர்."