முழங்காலை விசாரித்த மின்னஞ்சல்

ஆயத்த ஆடை அலுவலகக் குமாஸ்தாவை ‘வெல்லக்கட்டி’ என்பார்கள். அவள் மின்னஞ்சல் அடித்தால் கணினியில் எறும்பு மொய்க்கும். சட்டைகள் தாமதமாகிவிட்டன, அவற்றை வாங்கும் வெளிநாட்டு அம்மாள் ஒரு வாரம் பொறுக்காவிட்டால் ஆர்டர் கைநழுவும். “பொற்பாதம் பணிகிறேன், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்” என்று தமிழில் யோசித்ததை அப்படியே ஆங்கிலமாக்கியிருந்தாள்.

“அக்கா, அந்தம்மா பயந்துடுவாங்க. பாதத்த விடுங்க!” என்றான் திரையை எட்டிப் பார்த்த கணக்கன்.

விட்டாள். முதலில் மன்னிப்பு, பிறகு காரணம், அனுப்பும் தேதி. ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்பது, ‘இன்னும் ஒரு வாரம் அளித்தால் நன்றியுடையவர்களாவோம்’ என்ற ஆங்கிலமானது.

“இப்ப பச்சத்தண்ணியா இருக்கேடா!” என்றாள் வெல்லக்கட்டி.

போன மாதம் அந்த அம்மாள் முழங்கால் வலி என்று எழுதியிருந்தாள். ‘வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்’ என்று கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தாள் குமாஸ்தா.

பதில் வந்தது. ஒரு வாரத்துக்குச் சம்மதம் என்று ஒரே வரி. முழங்காலைப் பற்றி முக்கால் பக்கம்.

“பாத்தியா? பாதத்த விட்டேன், காலை விடல!” என்றாள்.