சுண்டுவிரலும் சுட்ட தண்டவாளமும்

என் தமையனாரின் கால் போன கதை இராயபுரத்தில் இன்று மூன்று விதமாக வழங்குகிறது. சரக்கு வண்டி ஏறிவிட்டது என்பார் சிலர். பாம்பு தீண்டியது என்பார் சிலர். எங்கள் தெருக்கோடியில் ஒருவர், அவர் தம்பியே வைத்தியம் பார்த்துக் கெடுத்தான் என்று சொல்வதாகக் கேள்வி. மூன்றில் கடைசியானது உண்மைக்கு மிக அருகில் இருப்பதால், நடந்ததை நானே எழுதிவைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் கண்ணால் கண்டதையும், காணாதவற்றில் இருவர் தனித்தனியே சொல்லி ஒத்துப்போனதையும் மட்டுமே எழுதுகிறேன். ஒருவர் மட்டும் சொன்னதை, எத்தனை பொருத்தமாகத் தோன்றினாலும், விட்டுவிட்டேன்.

முதலில் என் கால்விரலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தமையனார் கால் இடித்துக்கொள்வதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், ஒரு விடியற்காலையில், என் வீட்டு இரும்புக் கட்டிலின் காலில் வலது சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். இவ்வளவு சிறிய உறுப்பில் இவ்வளவு பெரிய வலி இருக்கமுடியும் என்று அதுவரை அறிந்ததில்லை. பள்ளிக்கூடம் போகும் நேரத்திற்குள் விரல் கத்தரிக்காய் நிறமாகி வீங்கிவிட்டது. குதிகாலை ஊன்றிக் கடைத்தெரு மருத்துவச்சாலைக்கு நடந்தேன். அங்கே இருந்த கம்பவுண்டர் முதியவர். பேச்சில் சிக்கனமும் கையில் பொறுமையும் உடையவர். விரல் கோணியிருக்கிறதா, தோல் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார். நகத்தை அழுத்தி விட்டு, வெளுத்த இடத்தில் இரத்தம் திரும்புவதைக் கவனித்தார். பஞ்சின் நுனியால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார்.

எலும்பு உடைந்திருக்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் பிடிக்க வேண்டாமா என்றேன். விரல் நேராக இருக்கிறது, புண் இல்லை, நிறமும் உணர்ச்சியும் நன்றாக இருக்கின்றன. படம் பிடித்தாலும் செய்யப்போவது இதைத்தான் என்றார். சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே வியர்வை தேங்கிப் புண்ணாகாதபடி பஞ்சை மெல்லிதாக வைத்தார். இரண்டையும் சேர்த்து, பிளாஸ்திரியை இறுக்காமல் இரண்டு இடத்தில் சுற்றினார். நல்ல விரலே உடைந்த விரலுக்குச் சிம்பு, முறிவைத் தாங்கும் பட்டை. இரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டவேண்டும். முதல் சில நாள் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கவேண்டும். வெறுங்காலோடு நடக்கக்கூடாது, அடி வளையாத, முன்பக்கம் அகன்ற செருப்பு வேண்டும். ஆறு வாரத்தில் சரியாகும் என்றார். ஆறாவது வாரத்தில் சரியாயிற்று.

கட்டுமுன் அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார்.

"வாத்தியாரே, உமக்கு நீரிழிவு உண்டா?"

இல்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் பஞ்சைக் கையில் எடுத்தார். அவர் செய்தவற்றையும் சொன்னவற்றையும் ஒன்றுவிடாமல் நினைவில் வைத்த நான், இந்தக் கேள்வியை மட்டும் வாசற்படி இறங்குமுன் மறந்துவிட்டேன். அதற்கு நான் சொன்ன விடை 'இல்லை' என்பதால், அது வைத்தியத்தின் பகுதியாக எனக்குத் தோன்றவில்லை.

தமையனார் எனக்கு ஒன்பது வயது மூத்தவர். தந்தை இறந்தபின் இரயில்வே யார்டில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தவர். வண்டிகளைத் தடம் மாற்றிவிடும் வேலை. நான் இலக்கணம் கற்ற ஆண்டுகளில் அவர் கருங்கல் ஜல்லியின்மேல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். அவருக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. என் பிள்ளைகளையே தம் பிள்ளைகளாகக் கொண்டிருந்தார்கள். அவருக்கு இரண்டு கால்களும் வேண்டும்; ஒரு கால் நொண்டினாலும் அந்த யார்டில் அவருக்கு இடமில்லை. இதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

யார்டில் வேலைசெய்வோரிடையே ஒரு வழக்கம் இருந்தது. எவனாவது காலில் அடிபட்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்றால், அவனைப் பக்கத்தில் வண்டி வராத தண்டவாளம் ஒன்றின்மேல், உச்சி வெயிலில், அடிபட்ட காலால் நிற்கச் சொல்வார்கள். எலும்பு முறிந்தவன் பாரத்தையும் சூட்டையும் ஒருசேரத் தாங்கமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. காலை எடுத்துவிட்டால் ஆஸ்பத்திரி. நின்றுவிட்டால் வேலை. பொய்க்காரனைப் பிடிப்பதற்காக யாரோ தொடங்கிய வழக்கம். பிற்பாடு அதையே வைத்தியமாக நம்பினார்கள்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் தமையனார் தண்டவாளக் கட்டையின் ஆணியில் இடது சுண்டுவிரலை இடித்துக்கொண்டார். எலும்பு முறிந்த ஓசையைத் தாம் கேட்டதாக உடன் இருந்த இருவர் எனக்குச் சொன்னார்கள். விரல் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. மேஸ்திரி அவரைத் தண்டவாளத்தில் ஏறச் சொன்னார். ஏறினார். மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இன்னா நைனா, சுடுதா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான்.

"இன்னாத்துக்கு சுடணும்? பீடி கீதா, குடு" என்றாராம் இவர்.

பீடி பாதி எரியும்வரை நின்றார். எல்லாரும் சிரித்தார்கள். இந்த ஆளுக்குக் காலா, கடப்பாரையா என்று மேஸ்திரியே கேட்டாராம். அன்று மாலைவரை வேலை செய்துவிட்டு, பெருமையோடு என் வீட்டுக்கு வந்து இதை எனக்குச் சொன்னவரும் அவரே.

விரலைப் பார்த்தேன். வீங்கிக் கறுத்திருந்தது. கோணியிருந்தது. அழுத்திப் பார்த்தேன், அவர் முகம் மாறவில்லை. என் விரலைத் தொட்டபோது நான் கத்தியது நினைவுக்கு வந்து, அவர் மனவுறுதியை வியந்தேன். கோணிய விரலைக் கம்பவுண்டரிடம் காட்டவேண்டும் என்ற எண்ணம் ஒரு கணம் எழுந்தது. ஆனால் நேரம் கடந்திருந்தது. என்னிடம் பிளாஸ்திரி மிச்சம் இருந்தது. அவருக்கு என்னால் செய்யக்கூடியது ஒன்று கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியும் இருந்தது. இந்த மகிழ்ச்சியை மறைத்தால் நான் எழுதுவது பொய்யாகும்.

கோணிய விரலை இழுத்து நேராக்கி, பஞ்சு வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினேன். நேராக நிற்கவேண்டும் என்பதற்காகச் சிறிது இறுக்கமாகவே கட்டினேன்.

"வலித்தால் அவிழ்த்துவிடுங்கள், அண்ணா" என்றேன்.

"வலிச்சாத்தானே" என்றார்.

காலுக்கு என்ன போடுவது என்று கேட்டார். அவரிடம் செருப்பு கிடையாது. மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் அணிவதற்காகக் கொடுக்கப்பட்ட பூட்ஸ் ஒரு சோடி, துணி சுற்றிப் பெட்டியில் இருந்தது. அடி வளையாத செருப்பு என்று கம்பவுண்டர் சொன்னது என் நினைவில் நின்றது. முன்பக்கம் அகன்றது என்றதை, முனை ஒடுங்கிய அந்தப் பூட்ஸோடு வைத்து நான் எண்ணிப்பார்க்கவில்லை. அதையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்தால் கட்டை மாற்றுகிறேன் என்றேன்.

அவர் வரவில்லை. வேலை மிகுதி என்று சொல்லியனுப்பினார். வலி இல்லை என்றும் சொல்லியனுப்பினார். வலி இல்லை என்றால் நல்லது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் அண்ணி வந்தார். வீட்டில் ஏதோ எலி செத்துக்கிடக்கிறது என்று இரண்டு நாளாகத் தேடியதாகவும், கடைசியில் நாற்றம் அவர் இரவிலும் கழற்றாத பூட்ஸிலிருந்து வருவதைக் கண்டதாகவும் நின்றபடியே சொன்னார். உடனே போனேன். பூட்ஸைக் கழற்ற முடியாமல் முன்பக்கத்தைக் கத்தியால் அறுத்தோம். நான் கட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. அதற்கு அப்பால் தெரிந்த சுண்டுவிரல் நுனி, கரிக்கட்டை போல் இருந்தது. உள்ளங்காலில், தண்டவாளம் பட்ட இடத்தில் குறுக்கே ஒரு கொப்புளம் உடைந்து சீழ் கட்டியிருந்தது.

"இது இன்னா கலீஜா கீது" என்று தமையனார் குனிந்து பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

குதிரை வண்டி வைத்துக் கம்பவுண்டரிடம் கொண்டுபோனோம். அவர் நகத்தை அழுத்தினார். அதில் வெளுப்பதற்கோ சிவப்பதற்கோ ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பஞ்சின் நுனியால் பாதத்தைத் தொட்டார். பிறகு ஊசியால் தொட்டார். தமையனார் கண்ணை மூடிக்கொண்டு, எப்போது தொடப்போகிறீர் என்று கேட்டார்.

கம்பவுண்டர் என்னைப் பார்த்து, இவருக்கு நீரிழிவு உண்டா என்றார்.

நான் விடை சொல்லுமுன் அண்ணி பேசினார். "அது இன்னான்னு தெரியாது சாமி. இவரு ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்கும். நாலு வருசமா மொய்க்குது."

எறும்பு மொய்ப்பது எதன் அடையாளம் என்பதை நான் பழைய மருத்துவச் சுவடியில் படித்திருந்தேன். அந்த வீட்டுப் புழக்கடைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், எறும்பையும் கண்டிருக்கிறேன்.

நீரிழிவால் காலில் உணர்ச்சி செத்தவனுக்கு வலி தூது வராது என்று கம்பவுண்டர் மெல்லச் சொன்னார். அவனுக்கு விரல் உடைந்தால் அன்றே வைத்தியரிடம் வரவேண்டும். கட்டு வேண்டுமா என்பதை வைத்தியரே முடிவு செய்யவேண்டும். கட்டினாலும் நாள்தோறும் கண்ணால் பார்க்கவேண்டும், கேட்டு அறியக்கூடாது. உமக்குக் கட்டியதை இவருக்குக் கட்டினீரா என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் திட்டியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். ஐந்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். யார்டிலிருந்து நண்பர்கள் பார்க்க வந்து, கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர்களைத் தேற்றியவர் அவரே.

"இன்னாடா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு? இன்னொரு காலு கீது. அதையும் தண்டவாளத்துல வெச்சுப் பாக்கலாம் வா" என்றார். ஒருவனும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனபின் என்னை அருகே அழைத்தார். "தம்பி, உன் கட்டு சோக்கா இருந்திச்சு. அவுக்க மனசே வரலே" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காய்ச்சல் கண்டது. அதற்கு நான்காம் நாள் காலையில் இறந்தார்.

பூட்ஸில் அறுபடாத ஒன்றை அண்ணி யார்டில் திருப்பிக் கொடுக்கப்போனார். ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வாங்க மறுத்துவிட்டார்கள் என்று அண்ணியும் யார்டு நண்பர் ஒருவரும் சொன்னார்கள். தண்டவாளத்தில் நிறுத்தும் வழக்கத்தை அந்த மேஸ்திரி அதன்பின் நடத்தவில்லை என்று இருவர் சொன்னார்கள். வேறு மேஸ்திரிகளைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

தெரியாதவை இவை. அவரைக் கொன்றது என் கட்டின் இறுக்கமா, பூட்ஸின் நெருக்கமா, தண்டவாளத்தின் சூடா, நோயேதானா என்பது எனக்குத் தெரியாது. கம்பவுண்டரிடமும் பெரிய ஆஸ்பத்திரி வைத்தியரிடமும் கேட்டேன். இருவரும் பிரித்துச் சொல்ல இயலாது என்றார்கள். அன்றே கம்பவுண்டரிடம் கொண்டுபோயிருந்தால் கால் தப்பியிருக்குமா என்பதும் தெரியாது. தண்டவாளத்தின்மேல் நின்றபோது அவருக்கு உண்மையாகவே ஒன்றும் சுடவில்லையா, சிறிது சுட்டும் வேலைக்காகப் பொறுத்தாரா என்பதும் தெரியாது. இதைக் கேட்க எனக்கு ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தன. நான் கேட்கவில்லை.