வாரத்துக்கு எட்டு உருப்படி

தலவாக்கலையில் சலவைக் கடை வைத்திருந்தபோது மாதச் சந்தா ஒன்று ஏற்படுத்தினேன். மாதம் முப்பத்திரண்டு உருப்படி, பணம் முன்கூட்டியே. தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர்மாரும் வாத்தியார்மாரும் சேர்ந்தார்கள். ஆனால் எல்லோரும் அழுக்கைச் சேர்த்து வைத்து, கடைசி வாரம்தான் மூட்டையோடு வந்து நின்றார்கள். வெளுத்து மாளவில்லை.

அடுத்த மாதம் சந்தா அட்டையில் புது விதி எழுதினேன். வாரத்துக்கு எட்டு உருப்படிதான். திங்கள் போட்டால் சனி கிடைக்கும். போடாவிட்டால் அந்த வாரம் போனதுதான். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஆனியில் மழை பிடித்தது. உள்ளே கொடி கட்டி, கரியடுப்பு மூட்டியும் ஒன்றும் காயவில்லை. சனிக்கிழமை ஒரு வாத்தியார் வந்து அட்டையை நீட்டினார்.

"நான் போடாட்டி என் வாரம் போச்சுங்கிறீங்க. நீங்க தராட்டி யாரு வாரம்ங்க போச்சு?"

அவருடைய சட்டை எல்லாம் என் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர் பள்ளிக்கூடம் போனார்.

அடுத்த திங்கள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார், வெளுக்க வேண்டிய எட்டில் ஒன்றாக.