ரோசரி சரிபார்த்த சாவி

கல்யாணப் பத்திரிகை வந்தால் எல்லாரும் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று பார்ப்போம். ரோசரி தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்ப்பாள். என் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் வெள்ளிக்கிழமை தப்பு என்று கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். அதற்குள் ஸ்ரீரங்கம் முழுக்க நான் கொடுத்து முடித்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இருவரும் திருச்சியில் ஒரே தனியார் கல்லூரியில் கணினித் துறை. பதினேழு வருஷமாக அவளும் தற்காலிகம், நானும் தற்காலிகம். எடமலைப்பட்டி புதூரிலிருந்து அவள் வருவாள், நான் ஸ்ரீரங்கத்திலிருந்து. பக்கத்துப் பக்கத்து மேஜை. மே மாதம் விடைத்தாள் திருத்தப் போனாலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான்.

போன வருஷமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். காலையில் இருபது, மதியம் இருபது தாள். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதே பெரிய சாமர்த்தியம். பல்கலைக்கழகம் அச்சடித்துத் தந்த விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மடமடவென்று போவேன். ரோசரி ஒவ்வொரு கணக்கையும் ஓரத்தாளில் போட்டுப் பார்ப்பாள்.

"நீ என்ன பரீட்சை எழுத வந்தியா, திருத்த வந்தியா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்," என்றாள், தலை நிமிராமல்.

இரண்டாம் நாள் மதியம் என் கையைப் பிடித்தாள். "வள்ளி, பதினாலாவது கேள்வியோட விடைக்குறிப்பு தப்பு."

அது பொதுச்சாவி ரகசியக் கணக்கு. ஊருக்கெல்லாம் தெரிகிற ஒரு சாவியால் பூட்ட வேண்டும், ஒருவரிடம் மட்டும் இருக்கிற தனிச்சாவியால் திறக்க வேண்டும். நிஜத்தில் இதற்குப் பிரம்மாண்டமான எண்கள் வேண்டும். பிள்ளைகளுக்காக 3, 11 என்று இரண்டு சின்னப் பகா எண்கள். பெருக்கினால் 33. ஒவ்வொன்றிலும் ஒன்று கழித்து, இரண்டையும் பத்தையும் பெருக்கினால் 20. பொதுச்சாவி 7 என்று கேள்வியிலேயே கொடுத்துவிட்டார்கள். 7-ஐ எதால் பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 வருமோ, அதுதான் தனிச்சாவி. ஏழு மூன்று இருபத்தொன்று, மீதி ஒன்று. விடை 3.

விடைக்குறிப்பில் 19 என்று இருந்தது.

"இருபதால வகுக்கறதுக்குப் பதிலா முப்பத்து மூணால வகுத்திருக்காங்க," என்றாள் ரோசரி. "ஏழு பத்தொம்பது நூத்தி முப்பத்து மூணு. அதுல நாலு முப்பத்து மூணு போனா ஒண்ணு. அதான்."

எனக்கு எரிச்சல். "கீழே சரிபார்த்தே காட்டியிருக்காங்களே. செய்தி 10. பூட்டித் திறந்தா திரும்பவும் 10 வருதே?"

"அதுதான் கூத்து. பத்தையும் பத்தையும் பெருக்கு. நூறு. முப்பத்து மூணால வகுத்தா மீதி ஒண்ணு. அப்போ பத்தை எந்த ஒற்றைப்படை தடவை பெருக்கினாலும் மீதி பத்துதான். பூட்டினாலும் பத்து, எந்த ஒற்றைப்படைச் சாவி போட்டாலும் பத்து. நீ இரண்டை வச்சுப் பாரு."

பார்த்தேன். இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128, 33-ஆல் வகுத்தால் மீதி 29. அந்த 29-ஐ மூன்று தடவை பெருக்கி மீதி எடுத்தால் 2, அனுப்பிய செய்தியே. பத்தொன்பது தடவை பெருக்கினால் 8. கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தேன்.

ஏனென்றால், முதல் நாள் ஒரு தாளில் இதையேதான் நான் பார்த்திருந்தேன். குண்டு குண்டான கையெழுத்து. சாவி 3. பத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டு, கேட்காமலேயே இரண்டையும் வைத்து 29, 2 என்று போட்டு, விடையைச் சுற்றிப் பெட்டி கட்டியிருந்தது. முதல் இரண்டு வரிக்கு இரண்டு மதிப்பெண் தந்துவிட்டு, மிச்சத்தைச் சிவப்பில் அடித்து, மூன்று போச்சு என்று தள்ளினேன். தாள் முழுக்கக் கூட்டினால் 28. பாஸ் மார்க் 30.

ரோசரியிடம் அதைச் சொன்னேன். திருத்தும் முகாமின் பொறுப்பாளர் சவரிநாதன் சாரிடம் இருவரும் போனோம். நல்ல மனுஷர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரே இரண்டை வைத்துப் போட்டுப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா," என்றார். "இன்னிலேர்ந்து மூணுன்னு எழுதினவங்களுக்கும் மார்க் போடச் சொல்லிடறேன். ஆனா நேத்து திருத்தின கட்டு சீல் வச்சுப் போயிடுச்சு."

"சார், அந்தப் பிள்ளை மறுமதிப்பீட்டுக்குப் போட்டா?" என்றாள் ரோசரி.

"அங்கேயும் இந்த அச்சடிச்ச குறிப்பைத்தான் வச்சுப் பார்ப்பாங்க. மாத்தணும்னா மேலேர்ந்து கடிதம் வரணும். எழுதிக் கொடுங்க, அனுப்பறேன்."

ரோசரி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள். பதில் வரவில்லை. நினைவூட்டல் எழுதினாள். அதற்கும் இல்லை. நேரில் போனாள். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். எவ்வளவு மேலே என்று கேட்டுவிட்டு வந்தாளாம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அரியர் வைத்த பிள்ளைகளுக்கு அவள் வீட்டில் பாடம் சொல்லித் தருவாள். அன்றைக்கு ஒரே ஒரு பெண். வேறு கல்லூரி, பெயர் ஹஃப்ஸா. கேம்பஸில் வேலை கிடைத்தும், இந்த ஒரு தாளால் சேர முடியாமல் நிற்கிறாளாம். நவம்பரில் பாஸ் ஆகவில்லை என்றால் அந்த வேலையும் இல்லை.

ரோசரி அந்தக் கணக்கைத்தான் கொடுத்தாள். 3, 11, பொதுச்சாவி 7. ஹஃப்ஸா தயங்காமல் எழுதினாள். தனிச்சாவி 19.

"எப்படிம்மா வந்துச்சு?"

"ஜெராக்ஸ் கடையில விற்கிற பதில் புக்ல அப்படித்தான் மேம் இருக்கு. போன தடவை நான் மூணுன்னு போட்டேன். அடிச்சுட்டாங்க. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். ரீவேல்யூவேஷன்லயும் அதேதான். இப்ப கரெக்டா மனப்பாடம் பண்ணிட்டேன்."

பையிலிருந்து நகலை எடுத்து வைத்தாள். குண்டு குண்டான கையெழுத்து. 29, 2, கட்டிய பெட்டி. அதன் குறுக்கே என் கோடு. நகலில் சிவப்பு கறுப்பாகியிருந்தது, ஆனாலும் நான் கோட்டைக் கடைசியில் மேலே இழுத்து விடுகிற விதம் எனக்குத் தெரியாதா? வெட்கத்தில் காது சுட்டது. ரோசரி என்னை ஒரு தடவை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

"மூணுதாம்மா சரி," என்றாள் மெதுவாக. "நீ போட்டது முழுக்கச் சரி."

ஹஃப்ஸா முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "அப்ப விடைக்குறிப்பை மாத்திட்டாங்களா மேம்?"

"இல்ல."

"இதே கணக்கு திரும்ப வருமா?"

"அதே கேள்வித் தொகுப்புதான். வரலாம்."

"வந்தா எதை மேம் எழுதட்டும்?"

பத்திரிகையில் கிழமை தப்பாக இருந்தாலே பொறுக்காதவள் என் தோழி. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ரோசரி பேனாவை எடுத்து அந்த 19-ஐ அடிக்கப் போனாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

"பத்தொம்பதுன்னே எழுதும்மா," என்றாள்.

ஹஃப்ஸா தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் பக்கத்தைத் திருப்பினாள்.