ஏரிக்கு மாறிய பந்துப் பயிற்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எங்கள் பக்கத்தைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது, நான் எங்கள் கொம்யூனின், அதாவது ஊராட்சியின், மேரியில் குமாஸ்தாவாக இருந்தேன். மேரி என்றால் ஊராட்சித் தலைவரான மேர் உட்காரும் அலுவலகம். மேர் பெரும்பாலும் உட்காரமாட்டார், நான்தான் உட்கார்ந்திருப்பேன். அதோடு ஊர்க் கால்பந்துக் குழுவுக்குச் செயலாளராகவும் இருந்தேன். ஆடத் தெரிந்தவர்கள் ஆடினார்கள், கையெழுத்து நன்றாக இருந்தவன் செயலாளரானான்.

அந்த ஆண்டு ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய விழாவுக்கு மைதானத்தில் பந்தல் போட முடிவாயிற்று. பந்தல்கால் நட்டதும் மைதானம் மூடப்படும், விழா முடியும்வரை அங்கே யாரும் விளையாடக் கூடாது என்று ஓர் உத்தரவு. அதைப் பிரெஞ்சில் எழுதி, தமிழில் பெயர்த்து, மேரின் கையெழுத்தை வாங்கி, முத்திரை குத்தியது நான். குழுவின் செயலாளர் என்ற முறையில் அதைப் பெற்றுக்கொண்டதும் நான். எதிர்ப்புத் தெரிவிக்க விரும்பினால் நான் எனக்கே மனு எழுத வேண்டியிருந்தது.

விழாவன்று பக்கத்து ஊரில் எங்கள் குழுவுக்கு ஓர் ஆட்டம் உண்டு. அதனால் பயிற்சியை நிறுத்த முடியாது. வேறு இடம் வேண்டும். காப்டன் உடனே ஓர் இடம் சொன்னார். அவர் மேருக்குத் தங்கை மகன், பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆட்டத்தில் சுமார், குரலில் கெட்டி.

"எங்க கரும்புக் கொல்லைக்கு அந்தாண்ட சின்ன ஏரி ஒண்ணு கீது இல்ல? சொட்டுத் தண்ணி இல்ல. தரை பலகை மாதிரி கீது. ஞாயித்துக்கிழமை அங்க வெச்சுக்கலாம்."

மேரும் சரி என்றார். இளைஞர்கள் கூட்டமாகக் கூடும் இடத்தைப் போலீஸ் கொம்மிசேருக்கு முன்கூட்டியே தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும். அந்த ஏரியின் பெயரைப் போட்டு அனுமதியும் வாங்கியாயிற்று. பட்டணத்தில் ஓர் ஆலையின் குழுவுக்கு ஆள் எடுக்க வருகிற பெரியவர் ஒருவர் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தார். அவருக்கும் புது இடத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் போட்டுவிட்டேன். ஆலைக் குழுவில் எடுத்தால் ஆலையில் வேலையும் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அது லேசான விஷயமில்லை.

எல்லாம் முறைப்படி நடந்தது. முறைப்படி நடக்கும் காரியங்களில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள்.

குழுவுக்குத் தகவல் சொல்வதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒரே ஒரு தாள். மேலே இடமும் நேரமும், கீழே எல்லார் பெயரும். முதல் ஆள் படித்துக் கையெழுத்துப் போட்டு அடுத்த ஊர்க்காரனிடம் கொடுப்பான். அது வயல் வரப்பிலும் மாட்டு வண்டியிலும் சுற்றிக் கடைசியில் என்னிடம் திரும்பும். கையெழுத்துப் போட்டவன் வராவிட்டால் அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. கையெழுத்து இல்லாதவனுக்குத் தகவல் சேரவில்லை என்று பொருள், அவனை நீக்க முடியாது. இந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

தாள் திரும்பவில்லை. அதற்குப் பதில் இடது ஓரத்தில் ஆடும் எங்கள் லெஃப்ட் அவுட் வந்தான், கையில் தாளோடு.

அவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை. கடலூர்ப் பக்கம் பிரிட்டிஷ் கிராமத்தில் பிறந்தவன். கள்ளுக்கடை மறியலில் போலீஸ்காரனின் தடியைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டுவிட்டு, எல்லை தாண்டி மாமன் வீட்டுக்கு ஓடிவந்தவன். பிரெஞ்சுக்காரன் அப்படிப்பட்டவர்களைப் பிடித்துக் கொடுப்பதில்லை. ஆனால் அந்தப் பக்கம் வாரண்ட் அப்படியே இருந்தது, பட்டணத்துக்குப் போகும் சாலையும் நடுவில் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போகும். எல்லையிலிருந்து எல்லைக்கு ஒரு நடை நடந்தால் தீர்ந்துவிடும் பூமியில் அவன் அடைபட்டிருந்தான். கரும்பு வெட்டுவான், ஏற்றம் இறைப்பான், ஞாயிற்றுக்கிழமை பந்தோடு ஓடுவான். அவன் ஓடும்போது பார்த்தால் இந்தப் பூமி அவனுக்குப் போதவில்லை என்று தெரியும்.

"அண்ணா, இங்க நான் எப்பிடிண்ணா வருவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கொம்யூன் ஒரே துண்டு இல்லை. அந்த ஏரி எங்களுடையதுதான், வரி எங்களுக்குத்தான் வருகிறது. ஆனால் ஏரிக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதையும் ஒற்றை வயலும் பிரிட்டிஷ்காரனின் எல்லைக்குள் இருந்தன. புளியமரத்தடியில் அவர்களுடைய சுங்கச் சாவடி. காகிதத்தில் எல்லாம் ஒரே கொம்யூன். காகிதம் நடப்பதில்லை.

தாளை வாங்கிப் பார்த்தேன். "கையெழுத்து போட்டியா?"

"இன்னும் இல்லண்ணா."

"போடாத. போடலன்னா உன்ன யாரும் நீக்க முடியாது."

"நீக்கறது கெடக்கட்டும். ஆலைக்காரரு அங்கதான வர்றாரு?"

அதற்கு என்னிடம் விதி இல்லை.

காப்டனிடம் போனேன். அவர் கொல்லையில் நின்று கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் புரியவே இல்லை. கெட்ட எண்ணம் இல்லை. அவர்கள் குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் நிலம். எல்லைக்கல்லை அவர் மாடு முதுகு தேய்க்கும் கல்லாகத்தான் பார்த்திருந்தார்.

"நடுவுல இருக்கற வயலும் எங்களுதுதான் குமாஸ்தா. தாராளமா வரச் சொல்லு. எவன் கேக்கறது?"

"வயல் உங்களுதுதாங்க. போலீசு அவங்களுது."

"நம்ம வயல்ல நடக்கறவன அவன் எப்பிடிப் புடிப்பான்?"

"நடக்கறவனப் புடிக்கறதுதாங்க அவன் வேலை."

இடத்தை மாற்றலாமா என்றேன். மாற்றலாம். மேர் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் விழா ஏற்பாட்டுக்காகப் பட்டணத்தில் இருந்தார். கொம்மிசேர் புதிதாக அனுமதி தர வேண்டும், மேரின் கையெழுத்து இல்லாமல் அவர் தாளைத் தொடமாட்டார். அனுமதியில்லாத இடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடினால், எல்லை தாண்டி வந்தவன் ஒருவனும் அதில் இருந்தால், என்னவாகும் என்று காப்டனுக்கே தெரியும். யோசித்துவிட்டு, "அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனோம். தரை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆலைப் பெரியவர் கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகை மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தார். குடையைத் தரையில் ஊன்றி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். எதையும் ரசிப்பவர் போலத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கம், ஒற்றை வயலுக்கு அந்தாண்டை, எங்கள் நிலத்து எல்லைக்கல்லின்மேல் லெஃப்ட் அவுட் உட்கார்ந்திருந்தான். பார்க்க மட்டும் வந்திருந்தான். புளியமரத்தடியில் இருந்த போலீஸ்காரன் அவனுக்குப் பழக்கம். மறியலில் தடியைப் பறிகொடுத்தவன் இவன் இல்லை, வேறொருவன். ஆனாலும் அந்தக் கதை இவனுக்கு வாய்க்கு ருசியாக இருந்தது.

"இன்னா மாப்ளே, இன்னிக்காவது எங்க வூட்டுக்கு வர்றியா?"

"உன் தடிய பத்திரமா புடிச்சுக்க மாமா. வாய்க்கால்ல தண்ணி வருது."

ஏரிக்குள் இருந்த பையன்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை, திரும்பிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் பந்தைக் கண்மூடி உதைத்தான். அது கரையைத் தாண்டி, வண்டிப்பாதையைத் தாண்டி, வயலில் குதித்து எல்லைக்கல்வரை உருண்டது. அவன் எழுந்தான். பந்தைப் பாதத்தால் தொட்டு நிறுத்தி, இடது காலால் திருப்பி அடித்தான். பிரிட்டிஷ் இந்தியாவின் தலைக்குமேல் பந்து பறந்து வந்து எங்கள் கோல் கம்பத்துக்கு முன்னால் விழுந்தது. சுங்கம் கேட்க யாரும் எழுந்திருக்கவில்லை.

"அது யாரு?" என்றார் பெரியவர்.

"எங்க லெஃப்ட் அவுட்டுங்க" என்றேன்.

"அங்க ஏன் நிக்கறான்?"

சொன்னேன். அவர் குடையால் தரையில் ஒரு கோடு போட்டார். பிறகு, "எட்டி உதைக்கறத வெச்சு ஆள் எடுக்க முடியாது. நாலு பேர் நடுவுல ஆடிப் பாக்கணும். நான் இன்னொரு தரம் இவ்ளோ தூரம் வரமாட்டேன்" என்றார். சத்தமாகவே சொன்னார். காற்றும் அந்தப் பக்கம்தான் வீசியது.

அவன் எல்லைக்கல்லின் பக்கத்தில் நின்றபடி என்னைக் கூப்பிட்டான். "அண்ணா! புடிச்சா எவ்ளோ போடுவான்?"

முறைகள் தெரிந்தவன் என்று என்னை நம்பிக் கேட்டான். "கடலூர்ல நிறுத்துவான். ஆறு மாசம் போடுவான்னு வெச்சுக்க."

"முடிச்சுட்டு வந்தா அப்புறம் வாரண்ட் இருக்குமா?"

"இருக்காது."

அவன் பெரியவரைப் பார்த்தான். "ஆறு மாசம் கழிச்சு எடம் இருக்குமாங்க?"

"சத்தியமெல்லாம் பண்ணமாட்டேன். மொதல்ல ஆடு" என்றார் அவர்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். போலீஸ்காரன் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பி எழுந்து, "டேய், டேய்!" என்பதற்குள் வயலும் வண்டிப்பாதையும் முடிந்துவிட்டன. கரையில் ஏறி ஏரிக்குள் குதித்தான். குதித்ததும் பிரெஞ்சு மண். போலீஸ்காரன் கரைமேல் வந்து நின்றான். உள்ளே கால் வைத்தால் அவனுக்கு வம்பு. வைக்காமலிருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, ஏனென்றால் அந்த ஏரியைச் சுற்றி நாலு பக்கமும் அவனுடைய நிலம். ஒரு பெரிய கூண்டிலிருந்து சின்னக் கூண்டுக்குத் தானாகவே தாவி வந்தவனை அவன் வியப்போடு பார்த்தான்.

"ஆடு மாப்ளே, ஆடு. எனக்கு அவசரமில்ல" என்று கரையில் குந்திக்கொண்டான்.

அவன் ஆடியதை நான் வர்ணிக்கப் போவதில்லை. எங்கள் பையன்களில் இரண்டு பேர் அவனைப் பிடிப்பதை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள் என்றால் போதும். காப்டன் ஒரு தடவை அவன் காலடியில் விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு போனார். பெரியவர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். வெயில் இறங்கும்வரை யாரும் ஆட்டத்தை முடிக்கவில்லை. முடித்தால் என்னவாகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் போனபோது அவனே அதைக் கையில் எடுத்தான்.

"வந்தா நேரா ஆலைக்கு வா" என்றார் பெரியவர்.

அவன் என்னிடம் வந்தான். "அந்தத் தாள் எங்கண்ணா?"

கொடுத்தேன். என் பேனாவை வாங்கி, தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டான். பந்தை என் கையில் கொடுத்தான். கரையேறிப் போய் போலீஸ்காரனுக்கு முன்னால் நின்று, "போலாமா மாமா?" என்றான். போலீஸ்காரனுக்குத்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "தண்ணி குடிச்சுட்டு வா. கடலூரு தூரம்" என்றான்.

"எங்க வயல் வழியாத்தான போறாங்க" என்றார் காப்டன், என் காதருகே.

ஆறு மாதத்தை அவன் முழுதாகக் கழித்தான். வெளியே வந்தவன் நேரே ஆலைக்குப் போனான். ஆலைக் குழுவில் லெஃப்ட் அவுட் இடத்துக்கு அதற்குள் வேறொருவன் வந்திருந்தான். ஆனால் நூல் சுற்றும் பிரிவில் ஆள் குறைவாக இருந்ததாம், எடுத்துக்கொண்டார்கள். மாதம் ஒரு தடவை பிறந்த ஊருக்குப் போய்வருகிறான் என்று சொன்னார்கள், பஸ்ஸில், சாவடி வழியாகவே.