வேதாவின் நோட்டும் எஃப் அறுபத்திரண்டும்

வேதாவை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும். அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அதனால் அவளைப் பற்றி நான் எழுதுவதை நீங்கள் நம்பலாம். பிடித்தவர்களைப் பற்றி எழுதுபவன் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவான்.

திருவண்ணாமலை போளூர் சாலையில் புகழேந்தி முதலாளியின் ஏஜென்சி இருக்கிறது. பிஸ்கட், சேமியா, ஊறுகாய், குழந்தைகளுக்கான சத்துமாவு என்று பாக்கெட் சாமான்களைக் கம்பெனிகளிடமிருந்து எடுத்துக் கடைகளுக்குப் போடுகிற வேலை. 1989இல் நான் அங்கே சேர்ந்தபோது முதலாளியும் நானும் ஒரு பழைய வேனும்தான். எந்தக் கடைக்கு என்ன வேண்டும், யார் வாங்குவார், யார் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் என் தலையில் இருக்கும். 'சக்கரவர்த்தியைக் கேளு' என்பதுதான் முதலாளியின் பேச்சு. பத்து வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

தொண்ணூற்றொன்பதில் வேதா வந்தாள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். தபாலில் பி.காம் படித்தவள், ஒல்லியாக இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். பில் போடத்தான் எடுத்தார்கள். வந்த மாசமே முதலாளியிடம் ஒரு நீள நோட்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த நோட்டால்தான் என் நிம்மதி போனது. ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் கம்பெனிக்காரன் ஒரு எண் அடித்திருப்பான். ஒரே நாளில், ஒரே மெஷினில் ஓடிய சரக்குக்கு ஒரே எண். அதைத்தான் பேட்ச் என்போம். நாங்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. வேதா பார்த்தாள். சரக்கு இறங்கும்போது என்ன பேட்ச், எத்தனை பெட்டி, எந்தத் தேதி வரை வைக்கலாம் என்று எழுதிக்கொள்வாள். வெளியே போகும்போது எந்தக் கடைக்கு எந்த பேட்சில் எத்தனை என்று பில்லிலும் நோட்டிலும் எழுதுவாள். முதலில் கெடப்போகிற சரக்கை முதலில் அனுப்பு என்று கோடவுனில் அடுக்கையே மாற்றினாள். எலி கடித்ததும் தேதி போனதும் திரும்பி வருவது பாதியாகக் குறைந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

இப்போது 'வேதாவைக் கேளு' என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மேஜையை அவளுக்கு ஜன்னல் பக்கம் போட்டுக் கொடுத்தார். கம்பெனி ஆட்கள் வந்தால் அவள் நோட்டை எடுத்துக் காட்டுவார். நான் வெயிலில் வேன் ஓட்டிவிட்டு வந்து பானைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "எல்லாம் எழுதி வெச்சாதான் ஞாபகம் இருக்கும்னா அது என்னா மூளை?" என்று அவள் காதில் விழும்படி சொல்வேன். அவள் எழுதிக்கொண்டே இருப்பாள்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கடை கடையாகச் சரக்குப் போட லைனில் போகிற எல்லோருக்கும் உண்டு. ஒரு கடைக்கு பில் போட்டு எடுத்துப்போன சரக்கை அங்கே கம்மியாக எடுத்தால், மீதியைத் திருப்பிக் கொண்டுவராமல் வழியில் வேறு கடையில் இறக்கிவிடுவேன். பில்லை அடுத்த வாரம் சரிக்கட்டிக்கொள்ளலாம். வேதா வந்தபிறகு அவளிடம் சொல்ல வேண்டும் என்று விதி. நான் சொல்லமாட்டேன். அவள் நோட்டில் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சுகம்.

2003ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சத்துமாவு கம்பெனியிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. மாவு சலிக்கிற சல்லடை அறுந்திருக்கிறது. எஃப் அறுபத்திரண்டு பேட்சில் கம்பித் துணுக்கு இருக்கலாம். விற்பனையை உடனே நிறுத்தி எல்லாவற்றையும் திரும்ப எடுக்கவும். எத்தனை வந்தது, எத்தனை கிடைத்தது என்று சனிக்கிழமை மாலைக்குள் தெரிவிக்கவும். கைக்குழந்தைகள் சாப்பிடுகிற மாவு. முதலாளி ஃபேக்ஸை வேதாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

வேதா நோட்டைத் திறந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"நாப்பது பெட்டி வந்துது சார். கோடவுன்ல பதினாலு இருக்கு. இருபத்தாறு பெட்டி ஒன்பது கடைக்குப் போயிருக்கு."

கோடவுனில் இருந்த பதினாலையும் தனியே ஒரு மூலைக்கு மாற்றி, சுற்றிக் கயிறு கட்டி, 'விற்கக் கூடாது' என்று எழுதித் தொங்கவிட்டாள். பிறகு ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு அலமாரியிலிருந்து இறக்கி ஓரமாக வைக்கச் சொன்னாள். விற்றுப்போன பாக்கெட் யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டு எழுதினாள். மதியத்துக்குள் எட்டுக் கடை சரியாக வந்தது. ஒன்பதாவது, கீழ்பென்னாத்தூர் மணியம்மாள் கடை. மணியம்மாள் வந்தவாசிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனை எடுத்த மருமகள், ஒரு பெட்டிதான் வந்தது என்றாள். நோட்டில் மூன்று.

"தப்பா எழுதிட்டியாம்மா?" என்றார் முதலாளி. இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"இல்ல சார். மூணுதான் வண்டியில ஏறுச்சு."

"அப்புறம் ரெண்டு பெட்டி எங்க போச்சு? பசங்க சாப்புடறதும்மா அது."

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு பெட்டியும் மணியம்மாள் கடையில் இறங்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். மணியம்மாள் ஒன்று போதும் என்றார், மீதியை நான்தான் கொண்டுபோனேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவள் முகம் வெளிறிப்போய் பக்கங்களைத் திருப்புவதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு இனித்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இனித்தது.

"நான் ஒரு ரவுண்டு பாத்துட்டு வரேன் முதலாளி" என்று வண்டியை எடுத்தேன். நேரே ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம், கருப்பன் கடை. அங்கே ஒரு பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது. முக்கால் மணி நேரத்தில் தோளில் சுமந்துகொண்டு ஆபீசுக்குள் வந்தேன்.

முதலாளி எழுந்தே வந்துவிட்டார். "பாத்தியா வேதா? நோட்டுல இல்லாதது இவன் தலையில இருக்குது" என்றார். நாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. நான் பானைத் தண்ணீரைக் குடிக்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

வேதா பெட்டியின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இன்னொண்ணு எங்கண்ணா?"

இன்னொன்று. போன வாரம் அந்த வியாழக்கிழமை ஊறுகாயையும் சேமியாவையும்கூடத்தான் மாற்றி மாற்றி இறக்கியிருந்தேன். மாவை எங்கே வைத்தேன்? செங்கம் சாலையில் ஒரு கடை நினைவுக்கு வந்தது. போன் போட்டால் இல்லை என்றார்கள். அவலூர்பேட்டை சாலையில் இன்னொன்று, அங்கேயும் இல்லை. இன்னும் நாலு கடைக்குப் போட்டேன். எல்லாம் என் தலையில் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னவனுக்குத் தலைக்குள் ஒன்றுமே இல்லை. எங்கோ ஒரு வீட்டில் யாரோ அந்த மாவைக் கரைத்துக்கொண்டிருப்பார்கள்.

"நான்தாம்மா மாத்தி இறக்கினேன். எங்கன்னு ஞாபகம் வரல" என்றேன். முதலாளி பக்கம் திரும்பவில்லை.

அவள் ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. "அன்னிக்கு எந்த வழியா வந்தீங்க?" என்றாள். சொன்னேன். போன வாரத்து பில் கட்டையும் நேற்றைய வியாழக்கிழமை பில் கட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நான் அந்த வழியில் இருக்கிற கடைகளின் பெயரைச் சொல்லச் சொல்ல இரண்டையும் விரலால் தொட்டுக்கொண்டு வந்தாள். வேங்கிக்கால் சுப்பிரமணி கடையில் விரல் நின்றது.

"இவரு வாராவாரம் ஒரு பெட்டி மாவு எடுப்பாரு. நேத்து எடுக்கல. கடையில ஏற்கெனவே இருந்திருக்கணும்."

யார் வாங்கினார் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். யார் வாங்கவில்லை என்பதை அவள் பார்த்தாள். அந்த இடத்தில்கூட எனக்கு நன்றி வரவில்லை. இது எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்றுதான் வந்தது.

சுப்பிரமணி கடையில்தான் இருந்தது. இருபத்துநாலு பாக்கெட்டில் பத்தொன்பது மிச்சம். ஐந்தும் வாங்கியவர்கள் கடைக்குப் பின்னால் புதிய வீடுகளில் இருப்பவர்கள், சுப்பிரமணிக்கு எல்லோரையும் தெரியும். வேதாவும் நானும் வீடு வீடாகப் போனோம். நாலு பாக்கெட் பிரிக்காமலே கிடைத்தது.

ஐந்தாவது வீட்டில் சரசு என்ற பெண். எட்டு மாசக் குழந்தை இடுப்பில், அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. பாக்கெட் பிரித்திருந்தது. நேற்றுத்தான் முதல் தடவை கொடுத்தாளாம், இரண்டே ஸ்பூன். வேதா விஷயத்தைப் பதறாமல் எடுத்துச் சொல்லி, இன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொன்னாள், செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றாள். பாக்கெட்டை, மாவு சிந்தாமல், அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள். டாக்டர் பார்த்ததில் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வருவது குழந்தையைப் பற்றியதல்ல.

சரசு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், நான் வயசில் மூத்தவன் அல்லவா.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கண்ணா. இங்கதான் இருக்குதுன்னு யாருண்ணா கண்டுபுடிச்சது?"

வேதா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பையின்மேல் பேட்ச் எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா" என்றேன்.

வேதாவின் பேனா நிற்கவில்லை. எழுதி முடித்து, சரசுவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, "போலாங்களாண்ணா?" என்றாள். வழியெல்லாம் அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் மடியில் பையைப் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை மதியம் கம்பெனிக்கு அனுப்புகிற தாளை முதலாளிக்குப் படித்துக் காட்டினாள். வந்தது நாற்பது பெட்டி. திரும்பியதும் வீடுகளில் எடுத்ததும் போக, ஏழு பாக்கெட் மட்டும் சாப்பிட்டு முடிந்தவை, அந்த வீடுகளின் பெயர் தனியே. கோடவுனில் இருப்பதைக் கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை அழிக்கப் போவதில்லை. கணக்கு வித்தியாசம் இல்லை. பிறகு கடைசி இரண்டு வரி. இரண்டு பெட்டி பதிவு இல்லாமல் இடம் மாறியது, மாற்றியவர், சக்கரவர்த்தி. தானே வந்து சொல்லி, இரண்டையும் நேரில் போய் மீட்டவர், சக்கரவர்த்தி.

"தேடிக் கண்டுபுடிச்சது நீதானேம்மா, உன் பேரு எங்க?" என்றார் முதலாளி.

"அதுக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்ல சார்" என்றாள் வேதா, தாளை மடித்தாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால், அந்த வீட்டு வாசலிலேயே நான் சொன்னது பொய் என்று சொல்லியிருந்தால், நான் இன்றுவரை நிம்மதியாக அவள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.