காணாமல் போன இருபத்துநான்கு மணி நேரம்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கார்களுக்கான சின்னச் சின்ன இரும்புப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. மொத்தமே அறுபது பேர் இருப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பத்து வருட இடைவெளி விட்டு நான் மறுபடி வேலைக்குப் போன இடம். கணக்குப் பிரிவு என்று ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குள் நான் ஒருத்தி மட்டும்தான். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் கோயம்புத்தூர் பக்கம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது சம்பளம் போடும் எக்ஸெல் ஃபைலைத் திறந்து காட்டி, "இதுல எதையும் தொடாதீங்க மேடம், எல்லாம் தானா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் தொடவில்லை. வாசலில் கைரேகை வைக்கும் மெஷினிலிருந்து மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் இறங்கும். அதில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அந்த மாதத்து ஓவர்டைம், கம்பெனியில் எல்லோரும் ஓட்டி என்று சொல்வது, மொத்தமாக இருக்கும். 9:15, 14:40 என்கிற மாதிரி. பார்க்க மணி, நிமிடம் போலத்தான் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. அப்படியே பெருக்க முடியாது. அதனால் பக்கத்துக் கட்டத்தில் ஒரு ஃபார்முலா அதைத் தசமமாக மாற்றும். 9:15 என்பது 9.25 ஆகும், ஏனென்றால் பதினைந்து நிமிடம் கால் மணி. அதை ஒரு மணி நேரக் கூலியால் பெருக்கினால் ஓவர்டைம் சம்பளம். வந்த புதிதில் நாலைந்து பேருக்குக் கையால் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

அந்த மாதம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் மெஷின்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடின. சம்பளச் சீட்டு கொடுத்த அன்று மத்தியானம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் என் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். பழைய அம்பத்தூர்க்காரர். அவருடைய அப்பா காலத்தில் ஏரிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். பெரிய பிரஸ்ஸில் நிற்கிறவர். நல்ல உயரம். எனக்கு அவரிடம் அதுவரை பேச்சே கிடையாது.

"இன்னா மேடம் இது?" சீட்டை மேஜைமேல் வைத்தார். "ஞாயித்துக்கெழமகூட ஊட்டுக்குப் போவாம வேலை பாத்துக்கீறேன். இருபத்தாறரை மணி நேரம் ஓட்டி. ரெண்டரைன்னு போட்டுக்கீறீங்க?"

நான் சீட்டைப் பார்த்தேன். ஓவர்டைம் 2.5 மணி என்றுதான் இருந்தது. கம்ப்யூட்டரில் தேடினேன். மெஷின் கொடுத்தது 26:30.

"ஏதோ தப்பு நடந்திருக்குண்ணே. பாத்துச் சொல்றேன்."

"தானா நடந்த தப்பா, யார்னா பண்ண தப்பா?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பேக்கிங்கில் இருக்கும் ஒரு அம்மா வந்தார். அவருக்கு 31:15 வர வேண்டிய இடத்தில் 7.25 வந்திருந்தது. அடுத்து வெல்டிங்கில் ஒருவர். அவருக்கு மெஷினில் மிகச் சரியாக 24:00. சீட்டில் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால் கேன் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். புதிதாக வந்த மேடம் ஓட்டிக் காசை அடித்துவிட்டாள் என்பதுதான் பேச்சு என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரா, மிரட்டிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலாளி கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர் மூணு வருஷம் இதே ஃபைல்லதான் போட்டார். ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது."

"நானும் அதே ஃபைல்தான் சார் போட்டேன். எதையும் மாத்தல."

"அப்போ எப்படி?" என்றார். என் முகத்தையே பார்த்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எனக்குப் பதில் வேணும். இல்லன்னா ஆடிட்டரை வரச் சொல்லி எல்லாத்தையும் பாக்க வேண்டியிருக்கும். போன மாசம், அதுக்கு முந்தின மாசம், எல்லாத்தையும்."

ஆடிட்டர் வருவதில் எனக்கு என்ன பயம்? நான் எதையும் எடுக்கவில்லை. ஆனால் சம்பளப் பட்டியலின் அடியில் இருப்பது என் கையெழுத்து. அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது யாரோ பின்னால் வருவது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தால் யார் யாரோ வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். பிளாட்பாரத்தில் அந்தப் பெரிய பிரஸ்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நான் லேடீஸ் பெட்டிக்கு ஏறக்குறைய ஓடினேன். நான் இறங்க வேண்டிய திருமுல்லைவாயில் அடுத்த ஸ்டேஷன்தான். அன்றைக்கு அது வந்து சேரவே மாட்டேன் என்றது.

வீட்டில் சொன்னதும் என் கணவர், "நாளைக்குப் போகாதே. வேலையை விட்டுடு" என்றார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. போகாவிட்டால் ஓடிப்போனாள் என்று ஆகிவிடும்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு பேப்பரில் மூன்று பேருடைய கணக்கையும் அருகருகே எழுதினேன். வர வேண்டியது இருபத்தாறரை, வந்தது இரண்டரை. வர வேண்டியது முப்பத்தொன்றேகால், வந்தது ஏழேகால். வர வேண்டியது இருபத்துநான்கு, வந்தது பூஜ்யம். கழித்துப் பார்த்தேன். மூன்றிலும் குறைந்தது ஒரே அளவு. இருபத்துநான்கு மணி நேரம்.

ஒரு முழு நாள் போயிருக்கிறது. மனிதர்கள் திருடினால் இவ்வளவு ஒழுங்காகத் திருட மாட்டார்கள்.

தொடாதே என்று சொன்ன அந்தக் கட்டத்தைத் திறந்தேன். உள்ளே இருந்தது சின்ன ஃபார்முலாதான். எழுத்தாக இருக்கும் நேரத்தைக் கடிகார நேரமாக மாற்றும், பிறகு இருபத்துநான்கால் பெருக்கும். கம்ப்யூட்டருக்கு ஒரு முழு நாள் என்பது ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் என்றால் அரை. அதனால் மணி நேரமாக்க இருபத்துநான்கால் பெருக்க வேண்டும். அதுவரை சரி. ஆனால் கடிகாரத்தில் 26:30 என்று ஒரு நேரம் கிடையாது. அதை அது மறுநாள் இரண்டரை மணி என்று எடுத்துக்கொண்டு, தாண்டிய நாளைத் தள்ளிவிடுகிறது. எரர் என்றுகூடக் காட்டாது.

காலியான ஒரு கட்டத்தில் 23:45 என்று எழுத்தாக அடித்தேன். 23.75 வந்தது. 24:15 என்று அடித்தேன். 0.25. கால் மணி நேரம்! நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மாதத்துக்கு இருபத்துநான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஓவர்டைம் செய்தவர்களுக்கு மட்டும், அதாவது அதிகமாக உழைத்தவர்களுக்கு மட்டும், அடி விழுந்திருக்கிறது.

ஃபார்முலாவை மாற்றினேன். கடிகாரமே வேண்டாம். நடுவில் இருக்கும் இரண்டு புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பதைத் தனியாக எடுத்து எண்ணாக்கு, அது மணி. வலப்பக்கம் இருப்பதை எண்ணாக்கி அறுபதால் வகு. இரண்டையும் கூட்டு. 26:30 என்றால் இருபத்தாறும் அரையும், 26.5. அறுபது பேருக்கும் போட்டு, பழைய கணக்கோடு ஒப்பிட்டேன். இருபத்துநான்குக்குக் கீழே இருந்த எல்லோருக்கும் அதே தொகைதான் வந்தது. மாறியவர்கள் ஐந்து பேர். கேட்டு வந்தது மூன்று பேர்தான். மற்ற இரண்டு பேர் வாயே திறக்கவில்லை.

முதலாளியிடம் காட்டினேன். 24:15ஐ அவரே அடித்துப் பார்த்தார். இரண்டு தடவை. அவர் முகத்தில் அப்போது வந்தது கோபம் இல்லை.

"இவங்க லேபர் ஆபீஸ்ல போய் நின்னாங்கன்னா?" என்றார் மெல்ல. "அடுத்த மாசத்துல சேத்துக் குடுத்துடுங்க. யார்கிட்டயும் விளக்கம் சொல்ல வேணாம்."

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அடுத்த மாதம் வரை நான் அந்தத் தண்ணீர் கேனைத் தாண்டிப் போக வேண்டும். "இன்னிக்கே போட்டுடலாம் சார்" என்றேன். "நான் திருடலைன்னு அவங்களுக்குத் தெரியணும்." அவர் தலையாட்டினார்.

பிரஸ்காரரை வரச் சொல்லி ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "மெசினு ஒரு நாளை முழுங்கிக்கினு கம்முனு கீது. அவ்ளோதானா?" என்றார். பிறகு, "நேத்து ஸ்டேசன்ல உன்னாண்ட கேக்கலாம்னுதான் நின்னேன் எக்கா. நீ ஓடிட்ட" என்றார். மத்தியானத்துக்குள் ஐந்து பேருக்கும் பாக்கி வங்கியில் ஏறியது.

பயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று வருட ஃபைல்கள் இருந்தன. முதலாளி ஆடிட்டரைக் கூப்பிடவில்லை, என்னையே பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு மாதமாகப் புது ஃபார்முலாவைப் போட்டேன். எதுவும் மாறக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் போட்டேன். முந்தின வருடத்துத் தீபாவளி மாதத்தில் ஒரே ஒரு பெயர் மாறியது. பூந்தமல்லியிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு பெண். இருபத்தெட்டு மணி நேரம் ஓவர்டைம் செய்து, நாலு மணி நேரத்துக்குக் காசு வாங்கியிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டுப் போயிருக்கிறாள்.

பழைய விண்ணப்பத்தில் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். கம்பெனிப் பேரைச் சொன்னேன்.

"நான் எதுவும் எடுத்துக்கினு வரலையே மேடம்" என்றாள்.

"இல்லம்மா, உங்களுக்கு நாங்க காசு தரணும்" என்று சொல்லி, நடந்ததை விளக்கினேன். அவளுக்கு அந்த மாதம் நன்றாக நினைவிருந்தது. நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறாள். அதற்குத்தான் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம்.

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா?"

"கேட்டா வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னா? பயமா இருந்துச்சு."

வங்கி நம்பரை வாங்கி எழுதிக்கொண்டேன். போனை வைப்பதற்கு முன்னால், "இதை வாங்கினா எனக்கு எதுவும் பிரச்சினை வராதுல்ல மேடம்?" என்று கேட்டாள். வராது என்றேன். நம்பாமல், அதையே இன்னொரு தடவை கேட்டாள்.